“பார்க்கலாம்” என்று நான் சொன்ன மதியம்

மதியம் 1.50 மணி. முதல் ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருந்தது. கையில் உற்பத்திக் கணக்கு, காதில் போன். இரண்டாம் ஷிப்டுக்கு இரண்டு பேர் வரவில்லை என்று கேட் பக்கமிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது டர்னிங் பிரிவுப் பையன் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். “சார், கிரைண்டர் சரியில்லைங்க” என்றான். “பார்க்கலாம் தம்பி” என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் போனுக்குத் திரும்பினேன்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது இது. அன்று மாலை நாலரை மணிக்கு அந்த கிரைண்டரின் கல் மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டுகளை மேல் கார்டு பிடித்துக்கொண்டது. மூன்றாவது துண்டு முன்பக்கத் திறப்பு வழியாக வெளியே பாய்ந்து, டூல் தீட்டிக்கொண்டிருந்தவரின் தோளுக்கு மேலே போய் இரும்பு பீரோவை நெளித்தது. அவருக்கு ஆள்காட்டி விரல் நுனியில் நாலு தையல், அவ்வளவுதான். அவர் கல்லுக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்றதால் தப்பினார்.

மறுநாள் விசாரணையில் அந்தப் பையன், “நான் சார்கிட்ட சொன்னேனுங்க” என்றான். உண்மைதான், சொன்னான். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. எங்கள் பட்டறையில் ‘கிரைண்டர்’ என்றால் மூன்று நின்று ஓடும் கிரைண்டர்கள் உண்டு. வெல்டிங் பக்கம் கையில் பிடித்து உரசும் ஹேண்ட் கிரைண்டர்கள் நாலைந்து. அவற்றில் ஒன்றின் வயர் பிய்ந்திருந்ததை அன்று காலையிலேயே நான் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்திருந்தேன். பையன் அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன ‘பார்க்கலாம்’ அலட்சியத்தால் வந்ததல்ல; ‘அதான் கொடுத்தாச்சே’ என்ற நினைப்பால் வந்தது. அலட்சியமாக இருந்திருந்தால்கூட ஒருவேளை பின்னால் உறுத்தி எழுந்து போய்ப் பார்த்திருப்பேன்.

பட்டறையில் ஆபத்தைச் சொல்வது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த மதியம்தான் ஞாபகம் வரும். அந்தப் பையனுக்குப் பயம் இல்லை, சோம்பல் இல்லை; வேலை முடிகிற நேரத்தில் நின்று சொல்லவும் செய்தான். ஆனால் எங்கே, எப்போது, அதுவரை என்ன செய்வது என்ற மூன்றும் அவன் சொன்னதில் இல்லை.

அந்த கிரைண்டரில் என்னதான் கோளாறு என்று முதலில் பார்த்துவிடலாம். தரையில் நட்டுவைத்த தூண் போன்ற உடம்பு, நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல். நம் ஆட்கள் வீல் என்றும் சொல்வார்கள், கல் என்றும் சொல்வார்கள். இடது பக்கம் கரடுமுரடான கல், வலது பக்கம் நைசானது. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன இரும்புத் திண்டு இருக்கும். அதுதான் ரெஸ்ட். தீட்ட வேண்டிய டூலை அதன்மேல் வைத்துத்தான் கல்லில் காட்ட வேண்டும். ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதியில் இதை எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் 3 மில்லிமீட்டர் என்றே பையன்களுக்குச் சொல்லித் தருவோம்.

இந்த இடைவெளி ஒரே நாளில் வருவதில்லை. கல் தேயத் தேய வருகிறது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதுக் கல்லைப் போட்டு, ரெஸ்டை 2 மில்லிமீட்டர் தள்ளி இறுக்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதத்தில் கல் 180 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிடும். விட்டத்தில் 20 குறைந்தால் ஆரத்தில் 10. ரெஸ்டை யாரும் நகர்த்தாவிட்டால் இடைவெளி இப்போது 12 மில்லிமீட்டர். லேத்தில் நாங்கள் போடும் டூல் பிட் 10 மில்லிமீட்டர் சதுரம். அது முழுசாக உள்ளே போக வழி கிடைத்துவிட்டது.

கல்லோ முன்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் மோட்டாரில் 200 மில்லிமீட்டர் கல்லின் ஓரம் மணிக்குச் சுமார் 108 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பிட்டின் நுனி ரெஸ்டைத் தாண்டிச் சற்றே இறங்கினால் போதும், கல் அதைப் பிடித்துக் கீழே இழுத்துச் செருகிவிடும். பிட் ஆப்பு மாதிரி இறுகும். மோட்டார் சுற்றியே தீருவேன் என்று நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உடைய வேண்டியது கல்தான். பிட்டைப் பிடித்திருந்த விரலும் கூடவே போகும்.

அன்று காலை 11 மணிக்கு அந்தப் பையனின் பிட்டை அது ஒரு முறை கீழே இழுத்திருக்கிறது. அவன் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டான். இது எனக்கு விசாரணையின்போதுதான் தெரிந்தது. “சரியில்லை” என்பதற்குப் பதிலாக “பிட்டைக் கீழே இழுத்துச்சுங்க சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையிலிருந்த போனை அப்படியே வைத்திருப்பேன். கிரைண்டரைத் தெரிந்த எவனையும் எழுப்பி உட்கார வைக்கிற சொல் அது. கண்டதை, கேட்டதை, கைக்கு உறைத்ததைச் சொல்ல வேண்டும். தீர்ப்பைச் சொல்லக் கூடாது. “பேரிங் போச்சுங்க” என்றால் நான் பேரிங் பார்க்கிற ஆளை அனுப்புவேன். அவரும் பேரிங்கைப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். ஆபத்து அங்கேயே இருக்கும்.

முதலில் இடம். “டர்னிங் பக்கம்” என்பது இடம் ஆகாது. சொன்னவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, முன்பின் அந்தப் பக்கம் வராத எலெக்ட்ரீஷியன் ஒருவர் யாரையும் கேட்காமல் நேரே போய் அந்த மெஷின்மேல் கை வைக்க முடிந்தால்தான் அது இடம். டர்னிங் பிரிவு, கிழக்குச் சுவரோரம், 4ஆம் நம்பர் லேத்துக்குப் பின்னால், பெடஸ்டல் கிரைண்டர், இடது பக்கக் கல். கடைசி மூன்று சொல் இல்லாவிட்டால் வந்தவர் வலது கல்லைச் சோதித்துவிட்டு ‘சரி’ என்று எழுதிவிடுவார். இது கற்பனையல்ல. எங்கள் பட்டறையிலேயே ஒரு முறை இரவு ஷிப்டில், ஓட்டை என்று சொன்ன ஏர் லைனை விட்டுவிட்டுப் பக்கத்து லைனை மாற்றியிருக்கிறார்கள். மெஷினில் நம்பர் இல்லையென்றால் பக்கத்துத் தூணையோ ஜன்னலையோ சொல்லலாம். சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

நேரம் என்று வரும்போது பெரும்பாலோர் ஒரு நேரத்தைத்தான் சொல்கிறார்கள், பார்த்த நேரத்தை. அதற்குப் பிறகு மெஷின் என்ன ஆனது என்பதும் முக்கியம். 11 மணிக்குப் பார்த்து, அணைக்காமல் வந்து, 1.50க்குச் சொன்னால் நடுவில் எத்தனை பேர் அதில் தீட்டினார்கள்? எங்கள் விசாரணையில் மூன்று பேர் என்று தெரிந்தது. மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்குப் பெயர் இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு நேரம்: ஆபத்து அடுத்து யாரை, எத்தனை மணிக்குச் சந்திக்கப் போகிறது என்பது. எங்கள் பட்டறையில் ஷிப்ட் மாறியதும் டர்னர்கள் முதலில் செய்கிற வேலை டூல் தீட்டுவது. ஆகவே 2 மணிக்கு ஐந்தாறு பேர் அந்தக் கல்லைத் தேடி வரப்போகிறார்கள். இது பையனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். “ரெண்டு மணி ஷிப்ட் ஆளுங்க வந்ததும் இதுலதான் தீட்டுவாங்க சார்” என்று அவன் சொல்லியிருந்தால், எனக்குப் பத்து நிமிடக் கெடு விழுந்திருக்கும். கெடு விழாத வேலையைச் சூப்பர்வைசர்கள் கெடு விழுந்த வேலைக்குப் பின்னால்தான் வைப்பார்கள். நானும் அந்த ஜாதிதான்.

மூன்றாவது, அதுவரை என்ன செய்வது என்ற யோசனை. பலருக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றுகிறது. ‘சார் பார்த்துக்குவாரு, நாம எதுக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். உண்மை தலைகீழாக இருக்கிறது. குறையை மட்டும் கேட்ட சூப்பர்வைசர் அதற்கு வழியும் தானே யோசிக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லாதபோது வாயில் வருகிற சொல்தான் ‘பார்க்கலாம்’. யோசனையோடு வந்தால் ‘சரி, செய்’ என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். ‘வேண்டாம், இப்படிச் செய்’ என்றாலும் நல்லதுதான், ஏதோ ஒன்று நடந்துவிடும்.

யோசனை என்றால் எதுவும் யோசனை ஆகிவிடாது. “எல்லாரையும் பார்த்து யூஸ் பண்ணச் சொல்லிடலாம் சார்” என்பது யோசனை அல்ல, வேண்டுதல். ஸ்விட்சில் ‘ரிப்பேர்’ என்று சீட்டுக் கட்டித் தொங்கவிடுவதும் போதாது. எங்கள் பட்டறையில் ஃபேன் காற்றுக்குச் சீட்டு ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். அவசரக்காரன் ஒருவன் வந்து கம்பியைச் சுற்றி ஓட்டிவிடுவான். அப்போது ஆபத்து ஒன்றுக்கு இரண்டாகிவிடும்.

இன்னொரு ஆசை வரும். “ஒரு ஸ்பேனர் குடுங்க சார், ரெண்டு நிமிஷத்துல ரெஸ்டைத் தள்ளி வெச்சிடறேன்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இடைவெளிதானே கோளாறு. ஆனால் காலையில் பிட்டை ஒரு முறை இழுத்த கல் அது. அந்த அடியில் கல்லுக்குள் விரிசல் விழுந்திருக்கலாம். விரிசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்லைக் கழற்றி, துளைக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்ட கல் ஓட்டைப் பானை மாதிரி ‘தொப்’ என்னும். இது பழகியவர் செய்கிற வேலை. மாற்றிப் பூட்டிய பிறகும் கார்டு போட்டபடி, ஒதுங்கி நின்று, ஒரு நிமிடமாவது வெறுமனே ஓட்டிப் பார்த்துத்தான் வேலைக்கு விடுவார்கள். ஆகவே ரெஸ்டைத் தள்ளிவைத்து உடனே ஓட்டினால் கோளாறில் பாதியைத்தான் சரிசெய்திருப்போம், நம்பிக்கையை மட்டும் முழுசாகக் கொடுத்திருப்போம். போதாக்குறைக்கு, ஸ்விட்சை அணைத்த பிறகும் கல் நெடுநேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து ஸ்பேனரை நீட்டியவர்கள் உண்டு.

அந்த கிரைண்டருக்கு ஏற்ற இடைக்கால ஏற்பாடு மிக எளிது. சுவரில் இருக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, அதன் கைப்பிடித் துளையில் ஒரு பூட்டைப் போட வேண்டும். சாவி சூப்பர்வைசரிடம். பூட்டோடு ஒரு அட்டை: யார் பூட்டியது, எதற்கு, எத்தனை மணிக்கு. டூல் தீட்ட வருகிறவர்களை டூல்ரூம் கிரைண்டருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பட்டறையில் அது நாற்பது தப்படி தூரம், ஒரு டூலுக்கு ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கும். இந்த ஐந்து நிமிடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாற்று வழி கொடுக்காமல் மூடிய எதையும் வேலை அவசரம் திறந்துவிடும். மாற்று வழிக்கு ஆகிற செலவைச் சொல்லிவிட்டால் சூப்பர்வைசருக்கும் மேலே பதில் சொல்ல வசதி.

இந்த ஏற்பாட்டுக்கு முடிவும் சொல்ல வேண்டும். தற்காலிகம் என்பது நம் ஊரில் சிரஞ்சீவி. கீழே சட்டம் உடைந்த ஒரு ஜன்னலுக்கு முன்னால் யாரோ கட்டிய மஞ்சள் ரிப்பன், நான் வேலையில் சேர்ந்தபோதும் இருந்தது, விலகும்போதும் இருந்தது. ‘மெயின்டனன்ஸ் ரெஸ்டைச் சரிசெய்து, கல்லைத் தட்டிப் பார்த்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு திறக்கலாம்’ என்று சொன்னால், யார் என்ன செய்தால் பூட்டு கழலும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் சேர்த்து அன்று அந்தப் பையன் எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பின்னாளில் நான் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு எழுதிக் காட்டுவேன். ஷிப்ட் புத்தகத்தில் எழுதினாலும், வாட்ஸ்அப்பில் போட்டாலும், வாயால் சொன்னாலும் உடம்பு இதுதான்:

“சார், டர்னிங் பிரிவு, கிழக்குச் சுவர், 4ஆம் நம்பர் லேத்துக்குப் பின்னால் இருக்கிற பெடஸ்டல் கிரைண்டர், இடது கல். இன்று காலை 11 மணிக்குத் தீட்டும்போது டூல் பிட்டைக் கீழே இழுத்தது. அப்போதே அணைத்துவிட்டேன். ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற அளவு இடைவெளி. 2 மணி ஷிப்ட் ஆட்கள் வந்ததும் இதில்தான் தீட்டுவார்கள். ஐசொலேட்டரைப் பூட்டிச் சாவியை உங்களிடம் தரட்டுமா? அதுவரை டூல்ரூமில் தீட்டலாம், ஐந்து நிமிடம் கூட ஆகும். மெயின்டனன்ஸ் பார்த்து, நீங்கள் சொன்ன பிறகு திறக்கலாம்.”

வாயால் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கூடவே ஒரு போட்டோ இருந்தால் நல்லது, ஆனால் போட்டோ மட்டும் போதாது. வெறும் கல்லின் படத்தை அனுப்பிவிட்டு ‘சார் பாருங்க’ என்று போட்டால், மூன்று கிரைண்டரில் எது என்று நான் திரும்பவும் தேட வேண்டும்.

அந்தச் செய்தியில் ‘அப்போதே அணைத்துவிட்டேன்’ என்பதைக் கவனித்திருப்பீர்கள். கிரைண்டர் மாதிரி மெஷினை யாரும் அணைக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதலில் அணைப்பு, பிறகு பேச்சு. எல்லா மெஷினும் அப்படியல்ல. கிரேனில் பாரம் தொங்கும்போது மெயினை அணைத்தால் பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்கும். அங்கே நாம் செய்யக்கூடியது, அதன் அடியில் யாரும் போகாமல் ஆளை விலக்கிவிட்டு, கிரேன் தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான். இடைக்கால யோசனை நம் கைக்கு எட்டியதாக இருக்க வேண்டும், அது புதுசாக ஒரு ஆபத்தைக் கொண்டுவரவும் கூடாது.

சொல்லியும் ‘பார்க்கலாம்’ என்றே பதில் வந்தால்? கோபப்பட வேண்டாம், நகரவும் வேண்டாம். “அதுவரைக்கும் பூட்டி வெச்சிரட்டுங்களா சார்?” என்று ஒரு கேள்வி போதும். எந்தச் சூப்பர்வைசரும் ‘வேண்டாம், ஓடட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். பிறகு ஷிப்ட் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதிவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சட்டம் இருக்கிறது. போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல், 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலை நடக்கும் ஆலைகளில், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்திடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது அந்தப் பிரிவு. 2020ஆம் ஆண்டு பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. பாதுகாப்பில்லாத நிலையைக் கண்டால் சொல்ல வேண்டியது தொழிலாளியின் கடமை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. நாலு பேர் வேலை செய்யும் குடிசைப் பட்டறையில் முதலாளியே சூப்பர்வைசர். அங்கே இந்தச் சட்டத்தைவிட அந்தப் பூட்டும் சாவியும்தான் சீக்கிரம் வேலை செய்யும்.

அந்தப் பையனை விசாரணையில் யாரோ, “ஒழுங்கா சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். நான்தான் கேட்டிருக்க வேண்டும். எந்தக் கிரைண்டர், எப்போ பார்த்தே, இப்ப ஓடுதா, நீ என்ன சொல்றே: நாலு கேள்வி. போனை ஒரு நிமிடம் கீழே வைக்க மனம் வந்திருந்தால் போதும். சொல்லத் தெரியாதவனிடமிருந்தும் செய்தியை வாங்கிக்கொள்வது சூப்பர்வைசரின் வேலையில் சேர்ந்தது. நாலு தையலில் இரண்டு என் கணக்கில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் பட்டறையிலும் இப்படியொரு கிரைண்டர் நிற்கும். நாளை வேலைக்குப் போகும்போது 3 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்து, கல் முழுசாக நின்ற பிறகு, அதன் தண்டை ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால், மெயினை மறுபடி போடாமல் சூப்பர்வைசரிடம் போங்கள். போகும்போதே எந்தப் பக்கக் கல் என்பதையும் மணி எத்தனை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.